மெமரி மிச்சமிருந்தும் செத்துப்போகும் நிரல்

சர்வரில் 16 ஜிபி மெமரி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அந்தச் சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஜாவா நிரல் திடீரென்று நின்றுபோகிறது. லாகைத் திறந்து பார்த்தால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஏதோ வேலையின் நடுவில் கடைசி வரி அறுந்து நிற்கிறது. மறுபடி ஓடவிட்டால் ஓடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழுகிறது. கிடைக்கும் ஒரே தடயம் 137 என்ற எண். சரி, மெமரிதான் போதவில்லையோ என்று கன்டெய்னருக்குள்ளேயே நுழைந்து கேட்டால், "மொத்தம் 16 ஜிபி, நிறைய மிச்சம்" என்று பதில் வருகிறது.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. நிரல் எழுதியவர் சர்வரைக் குறை சொல்வார், சர்வர்காரர் நிரலைக் குறை சொல்வார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. கன்டெய்னர் எதனால் ஆனது என்று பார்த்தால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும். அதற்கு ஒரு லினக்ஸ் கணினியும் இரண்டு டெர்மினல் ஜன்னல்களும் போதும். டாக்கர்கூட வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணினியின் வன்பொருளை ஆளும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலுக்கு, கன்டெய்னர் என்று ஒரு பொருளைத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ப்ராசஸ்தான். அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். கன்டெய்னருக்குள் ஓடும் நிரலும் மற்றவை போலவே ஒரு சாதாரண ப்ராசஸ். அதன்மேல் கெர்னல் இரண்டு தனித்தனி ஏற்பாடுகளைப் பூட்டியிருக்கிறது. அது எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது நேம்ஸ்பேஸ். எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது கண்ட்ரோல் குரூப், பேச்சுவழக்கில் சிகுரூப். டாக்கர் போன்ற கருவிகள் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி, கூடவே நிரலுக்கு வேண்டிய கோப்புகளையும் வைத்து, கன்டெய்னர் என்று பெயர் சூட்டித் தருகின்றன.

இரண்டும் ஒரே கையால் பிறந்தவை அல்ல. நேம்ஸ்பேஸ் வகைகளில் முதலாவது, கோப்பு அமைப்பைத் தனித்துக் காட்டும் மவுண்ட் நேம்ஸ்பேஸ். அது 2002-ல் கெர்னலுக்குள் வந்தது. மற்ற வகைகள் வெவ்வேறு ஆட்களின் உழைப்பில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சிகுரூப்பைத் தொடங்கியவர்கள் கூகுள் பொறியாளர்களான பால் மெனேஜும் ரோஹித் சேத்தும். 2006-ல் தொடங்கிய அந்த வேலை 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் இடம்பிடித்தது. ஒரே சர்வரில் பல வேலைகளை நெருக்கி ஓட்டும்போது ஒன்று மற்றொன்றின் பங்கைத் தின்றுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. ஒரு நிரலின் கண்ணிலிருந்து மற்றதை மறைப்பது அவர்கள் கவலை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் புதிரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்போது முதல் டெர்மினலில் இதை அடிப்போம்.

```
sudo unshare --fork --pid --mount-proc bash
ps aux
```

`ps` என்பது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை. சாதாரணமாக அடித்தால் சில நூறு வரிகள் ஓடும். இங்கே இரண்டே வரிகள்தான் வருகின்றன. ஒன்று `bash`, அதன் எண் 1. மற்றொன்று இப்போது நாம் அடித்த அந்த `ps`. லினக்ஸில் எண் 1 என்பது கணினி விழித்தெழும்போது முதலில் பிறக்கும் ப்ராசஸுக்கு உரியது. மற்றவை எல்லாம் அதன் வம்சம். நம் `bash` தன்னையே அந்த மூதாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கணினியில் வேறு யாருமே இல்லை என்றும் நினைக்கிறது.

இரண்டாவது டெர்மினலுக்கு வந்து, அங்கே நிர்வாகியாக நுழைந்து, வெளியிலிருந்து பார்ப்போம். `lsns -t pid` என்று அடித்தால் கணினியில் உள்ள ப்ராசஸ்-எண் நேம்ஸ்பேஸ்கள் எல்லாம் வரும். புதிதாகப் பிறந்த வரியில் அதே `bash` இருக்கிறது. ஆனால் அதன் எண் 1 இல்லை. 48213 என்று வைத்துக்கொள்வோம்.

```
grep NSpid /proc/48213/status
NSpid:  48213  1
```

ஒரே ப்ராசஸுக்கு இரண்டு எண்கள். வெளியே 48213, உள்ளே 1. கெர்னல் இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. உள்ளிருந்து கேட்கும்போது உள்ளே செல்லுபடியாகும் எண்ணையும், வெளியிலிருந்து கேட்கும்போது வெளி எண்ணையும் சொல்கிறது. அவ்வளவுதான். வெளியே இருப்பவர் உள்ளே நடப்பதை முழுக்கப் பார்க்கலாம். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதே தெரியாது. மறைப்பு ஒரு பக்கம்தான்.

நாம் அடித்த கட்டளையில் `--mount-proc` என்று ஒரு துணுக்கு இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு மறுபடி முயன்றால் ஒரு வேடிக்கை நடக்கும். நேம்ஸ்பேஸ் பிறந்துவிடும், `bash` தன் எண்ணை 1 என்றுதான் சொல்லும். ஆனால் `ps aux` பழையபடி நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும். காரணம், `ps` பட்டியலைத் தானாகத் தயாரிப்பதில்லை. `/proc` என்ற அடைவில் கெர்னல் எழுதிக் காட்டும் போலிக் கோப்புகளைப் படித்துச் சொல்கிறது. புதிய நேம்ஸ்பேஸுக்கென்று `/proc`-ஐப் புதிதாகப் பொருத்தவில்லை என்றால், பழைய உலகத்தின் கோப்புகள்தான் அங்கே கிடக்கும். ஒரு நிரல் "பார்க்கிறது" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அது எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதுதான். கொஞ்ச நேரத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

எண் 1 ஆக இருப்பதில் பெருமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. பெற்றோர் ப்ராசஸ் செத்து அநாதையான பிள்ளைகளை எண் 1 சுவீகரித்து, அவை முடிந்ததும் கணக்கு முடிக்க வேண்டும். அது செத்தால் அந்த நேம்ஸ்பேஸில் உள்ள அத்தனை ப்ராசஸையும் கெர்னல் கொன்றுவிடும். இன்னொரு சலுகையும் உண்டு. "வேலையை முடித்துக்கொள்" என்று வரும் SIGTERM சமிக்ஞையைச் சாதாரண ப்ராசஸ் பெற்றால், தனியாக எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் அது முடிந்துவிடும். எண் 1-க்கு அப்படி இல்லை. அந்தச் சமிக்ஞையைக் கவனிக்கும் வரிகளை நிரலில் எழுதியிருந்தால்தான் அது காதில் விழும். இல்லாவிட்டால் கெர்னல் அதை அப்படியே கீழே போட்டுவிடும். டாக்கரில் `docker stop` அடித்தால் சில கன்டெய்னர்கள் உடனே நிற்க, சில பத்து விநாடி முரண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். SIGTERM அனுப்பி, பத்து விநாடி காத்திருந்து, பயனில்லை என்றானதும் மறுக்கவே முடியாத SIGKILL-ஐ டாக்கர் அனுப்புகிறது. எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் போவது இப்படித்தான். `docker run --init` என்று கொடுத்தால் பொறுப்பான ஒரு சின்ன நிரல் எண் 1 ஆக அமர்ந்துகொண்டு, சமிக்ஞையை நம் நிரலுக்குக் கடத்திவிடும்.

ப்ராசஸ் எண்ணுக்குச் செய்ததையே மற்ற நேம்ஸ்பேஸ்கள் மற்ற விஷயங்களுக்குச் செய்கின்றன. நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் தனி ஐபி முகவரி, தனி போர்ட் எண்கள். அதனால்தான் ஒரே சர்வரில் பத்து கன்டெய்னர்கள் போர்ட் 80-ல் உட்கார்ந்தாலும் சண்டை வருவதில்லை. கணினியின் பெயருக்கு ஒன்று, பயனர் எண்களுக்கு ஒன்று, 2020-ல் வந்த 5.6 கெர்னலிலிருந்து சில கடிகாரங்களுக்குக்கூட ஒன்று இருக்கிறது. மெமரிக்கும் சிபியூவுக்கும் மட்டும் நேம்ஸ்பேஸ் இல்லை. மொத்த மெமரி எவ்வளவு என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லும் ஏற்பாடு எதுவும் நேம்ஸ்பேஸ்களுக்குள் கிடையாது. அது சிகுரூப்பின் பிரதேசம்.

சிகுரூப்பைக் கையாளத் தனிக் கட்டளை எதுவும் தேவையில்லை. `/sys/fs/cgroup` என்ற அடைவுக்குள் ஒரு புது அடைவைத் திறந்தால் ஒரு குழு பிறந்துவிடும். திறந்த கணமே அதற்குள் சில டஜன் கோப்புகளைக் கெர்னலே போட்டு வைத்திருக்கும். அந்தக் கோப்புகளில் எண்களை எழுதுவதுதான் கட்டுப்பாடு. இரண்டாவது டெர்மினலில் இதைச் செய்வோம்.

```
mkdir /sys/fs/cgroup/sodhanai
cd /sys/fs/cgroup/sodhanai
echo 100M > memory.max
echo 0 > memory.swap.max
echo 48213 > cgroup.procs
```

100 எம்பி உச்சவரம்பு. மெமரி தீர்ந்தால் டிஸ்க்கில் ஒதுங்கிக்கொள்ளும் ஸ்வாப் வசதியும் கிடையாது. கடைசி வரி, முதல் டெர்மினலில் தன்னை எண் 1 என்று நம்பிக்கொண்டிருக்கும் `bash`-ஐ இந்தக் குழுவில் சேர்க்கிறது. அதன் வெளி எண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். இனி அந்த `bash` பெறும் பிள்ளைகளும் பிறக்கும்போதே இந்தக் குழுவில்தான் பிறக்கும். ஒரு ப்ராசஸ் நூறு பிள்ளைகளைப் பெற்று வரம்பை ஏமாற்ற முடியாது. வரம்பு ஆளுக்கு அல்ல, குழுவுக்கு.

முதல் டெர்மினலுக்குத் திரும்புவோம். மெமரியை வேண்டுமென்றே விழுங்கும் ஒரு நிரல் வேண்டும். அதற்கு எளிய வழி `tail /dev/zero`. `tail` ஒரு கோப்பின் கடைசி வரிகளைக் காட்டுவதற்காக வரி முடியும் இடத்தைத் தேடிக்கொண்டே போகும். `/dev/zero`-வோ வரி முறிவே இல்லாமல் முடிவில்லாத பூஜ்யங்களைக் கொட்டும். அத்தனையையும் `tail` மெமரியில் சேர்த்துக்கொண்டே போகும்.

```
tail /dev/zero
Killed
echo $?
137
```

அடித்த வேகத்தில் செத்தது. ஆரம்பத்தில் பார்த்த அதே 137. இதற்கு அர்த்தம் எளிது: சமிக்ஞையால் கொல்லப்பட்ட நிரலின் முடிவு எண்ணை 128-உடன் அந்தச் சமிக்ஞையின் எண்ணைக் கூட்டிச் சொல்வது ஷெல்லின் வழக்கம். SIGKILL-இன் எண் 9. நிரலுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லக்கூட வாய்ப்பில்லாத சாவு இது. அதனால்தான் ஜாவா நிரலின் லாகில் பிழைச் செய்தி எதுவும் இல்லை.

கொன்றது யார் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, குழுவின் அடைவிலேயே இருக்கும் `memory.events` என்ற கோப்பு. அதில் `oom_kill 1` என்று ஏறியிருக்கும். மற்றொன்று கெர்னலின் சொந்த லாக். `dmesg` அடித்தால் இப்படி ஒரு வரி தொடங்கும்:

```
Memory cgroup out of memory: Killed process 48977 (tail)
```

முதல் இரண்டு சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. கணினி முழுவதற்கும் மெமரி தீர்ந்து கெர்னல் யாரையாவது பலி கொடுத்திருந்தால், இந்த வரி வெறும் `Out of memory` என்று தொடங்கும். `Memory cgroup` என்று தொடங்கினால் சர்வரில் மெமரி ஏராளமாக இருந்தது, குழுவின் பங்குதான் தீர்ந்தது என்று பொருள். முதல் வகைக்குச் சர்வரைப் பெரிதாக்க வேண்டும். இரண்டாவதற்கு வரம்பையோ நிரலையோ சரிசெய்ய வேண்டும். இந்த வரியைப் பார்க்காமலே பெரிய சர்வருக்குப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பணம் போகும், 137 போகாது.

100 எம்பியைத் தொட்ட மறுகணம் கெர்னல் கொலைக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழு படித்த கோப்புகளின் நகல்களைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும். அதுவும் குழுவின் கணக்கில்தான் எழுதப்படும். வரம்பைத் தொட்டதும் முதலில் இந்த நகல்களைத் தூக்கிப்போட்டு இடம் பண்ணப் பார்க்கும். இனித் தூக்கிப்போட எதுவுமில்லை என்ற நிலையில்தான் கொலை. எனவே ஒரு கன்டெய்னர் தன் வரம்பில் 95 விழுக்காட்டில் நிற்கிறது என்று கண்காணிப்புத் திரை சிவப்பு காட்டினால் உடனே பதற வேண்டியதில்லை. `memory.stat` கோப்பில் `anon` என்ற வரியும் `file` என்ற வரியும் தனித்தனியாக இருக்கும். `file` பெரிதாக இருந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் இடம்தான். `anon` பெரிதாக இருந்தால் அது நிரலே பிடித்து வைத்திருப்பது, எளிதில் விடுபடாது.

இப்போது முதல் டெர்மினலில், அந்த 100 எம்பி வரம்புக்குள் உட்கார்ந்துகொண்டு, `free -m` என்று அடியுங்கள். மொத்த மெமரி எவ்வளவு என்று வருகிறது? கணினியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். 16 ஜிபி கணினி என்றால் 16 ஜிபிதான் வரும்.

நம் புதிர் இதுதான். `free` படிப்பது `/proc/meminfo` என்ற கோப்பை. அந்தக் கோப்பு எந்த நேம்ஸ்பேஸுக்கும் கட்டுப்பட்டதல்ல, சிகுரூப்பையும் கேட்பதில்லை. யார் படித்தாலும் கணினி முழுவதன் கணக்கையே காட்டுகிறது. பார்வையை மாற்றும் ஏற்பாட்டுக்கு வரம்பு பற்றித் தெரியாது. வரம்பு போடும் ஏற்பாட்டுக்குப் பார்வையைப் பற்றி அக்கறை இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் நாம். இடையில் இருக்கும் சந்தில் நிரல் விழுகிறது.

ஜாவாவுக்கு இந்தச் சந்து தனியாக வாட்டம். ஜாவா நிரல்கள் ஜேவிஎம் என்ற இயந்திரத்தின்மேல் ஓடுபவை. தன் நிரலுக்கான ஹீப் என்ற மெமரிப் பகுதி எவ்வளவு வளரலாம் என்பதை ஜேவிஎம் தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் மெமரியில் நான்கில் ஒரு பங்கு. பழைய ஜேவிஎம் அந்த மெமரியை நம் `free` போலவே கணினி முழுவதற்கும் அளந்தது. 16 ஜிபி சர்வரில் 512 எம்பி வரம்புள்ள கன்டெய்னருக்குள் அதை வைத்தால், "எனக்கு 4 ஜிபி வரை உண்டு" என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். பயன்படாத பொருள்களைக் கூட்டிப் பெருக்கி இடம் மீட்கும் வேலையை ஜேவிஎம் இடம் நெருக்கும்போதுதான் மும்முரமாகச் செய்யும். 4 ஜிபி இருக்கிறது என்று நம்பும் ஒன்றுக்கு 500 எம்பியில் என்ன நெருக்கடி? நிம்மதியாக வளர்ந்துகொண்டே போய் 512-ஐத் தாண்டும் இடத்தில் கழுத்து போய்விடும். தன் சொந்த வரம்பில் முட்டியிருந்தால் `OutOfMemoryError` என்று லாகில் அலறிவிட்டுச் செத்திருக்கும். அந்த அலறல் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே, செத்தது ஜேவிஎம்மின் வரம்பிலா கெர்னலின் வரம்பிலா என்று சொல்லிவிடலாம்.

2018-ல் வந்த ஜேடிகே 10, சிகுரூப்பின் கோப்புகளை நேரடியாகப் படித்து வரம்பைத் தெரிந்துகொள்ளக் கற்றது. அதே ஆண்டு இந்தத் திருத்தம் பழைய ஜாவா 8-க்கும் 8u191 பதிப்பில் வந்துசேர்ந்தது. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் சிகுரூப்புக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. கோப்புகளின் பெயரும் அமைப்பும் மாறிய இரண்டாம் பதிப்பு 2016-ல் 4.5 கெர்னலில் அதிகாரபூர்வமாக வந்தது. நாம் மேலே பயன்படுத்தியதும் அதைத்தான். ஃபெடோரா 2019-லும் டெபியன் 2021-லும் இதையே இயல்பாக்கின. ஜாவா கற்றிருந்ததோ முதல் பதிப்பின் கோப்புகளை. தேடிய இடத்தில் கோப்பு இல்லாததால் மறுபடி கணினி முழுவதையும் அளக்கத் தொடங்கியது. சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், ஒரு வரிகூட மாறாத நிரல் 137-இல் விழத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். இரண்டாம் பதிப்பைப் படிக்கும் திறன் ஜேடிகே 15-ல் வந்தது. ஜாவா 11-க்கு 11.0.16-லும், ஜாவா 8-க்கு 8u372-லும் கிடைத்தது. உங்கள் கன்டெய்னரில் இதைவிடப் பழையது இருந்தால் `-Xmx` கொடுத்து ஹீப்பின் அளவை நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் 512 எம்பி வரம்புக்கு `-Xmx512m` என்று கொடுக்காதீர்கள். ஜேவிஎம் ஹீப்புக்கு வெளியேயும் மெமரி எடுக்கும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அடுக்கு வேண்டும், ஏற்றிய வகுப்புகளுக்கு இடம் வேண்டும். ஹீப் 512-ஐத் தொடும் முன்பே மொத்தம் அதைத் தாண்டிவிடும்.

மெமரியில் நடப்பது சாவு. சிபியூவில் நடப்பது நோய். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். சிபியூ வரம்பு `cpu.max` என்ற கோப்பில் இரண்டு எண்களாக இருக்கும். ஒரு சிபியூ அளவு கொடுப்பதென்றால் `100000 100000`. இவை மைக்ரோ விநாடிகள்: ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் 100 மில்லி விநாடி சிபியூ நேரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒரு சிபியூவைத் தனியாக ஒதுக்கித் தருவதல்ல. சர்வரில் எட்டு கோர்கள் இருந்தால் எட்டும் நிரலின் கண்ணுக்குத் தெரியும். நிரலும் எட்டு த்ரெட்டுகளை அவிழ்த்துவிடும். எட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 100 மில்லி விநாடிப் பங்கு 12.5 மில்லி விநாடியில் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 87.5 மில்லி விநாடியும் அத்தனை த்ரெட்டுகளும் உறைந்து நிற்க வேண்டியதுதான். பதில் சொல்ல 20 மில்லி விநாடி எடுக்கவேண்டிய ஒரு வேலை, இந்த உறைவில் மாட்டினால் நூறைத் தாண்டிவிடும்.

இதில் கொடுமை, சராசரி வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும் வரைபடத்தில் சிபியூ பயன்பாடு பாதி வரம்பைக்கூடத் தொட்டிருக்காது. வாடிக்கையாளரோ ஆப் இழுக்கிறது என்று புலம்பிக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியது `cpu.stat` கோப்பை. `nr_periods` எத்தனை சுற்றுகள் நடந்தன என்று சொல்லும், `nr_throttled` அதில் எத்தனை சுற்றுகளில் நிறுத்தி வைக்கப்பட்டது என்று சொல்லும். இரண்டாவது எண் முதலாவதைத் துரத்திக்கொண்டு வந்தால் நோய் அதுதான். மருந்து பல சமயம் வரம்பைக் கூட்டுவதல்ல, த்ரெட்டுகளைக் குறைப்பது. கோ மொழி 2025-ல் வெளியான 1.25 பதிப்பிலிருந்துதான் சிகுரூப் வரம்பைப் பார்த்துத் தன் இணை ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கு முன் அதுவும் எட்டு கோர்களை நம்பி எட்டாக விரிந்ததுதான்.

என் கருத்தைக் கேட்டால், குழம்பிய பார்வையைவிட மோசமான குழப்பம் ஒன்று இருக்கிறது: நேம்ஸ்பேஸைப் பாதுகாப்பு அரண் என்று நினைப்பது. அத்தனை கன்டெய்னர்களும் ஒண்டுக்குடித்தனம்தான். அறைக்கு அறை கதவு உண்டு, கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டு, கூரை ஒன்றே. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எந்தக் கன்டெய்னருக்குள் நுழைந்தும் `uname -r` அடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது உபுண்டுவோ ஆல்பைனோ, எதுவாக இருந்தாலும் சர்வரின் கெர்னல் பதிப்புதான் வரும். அந்தக் கெர்னலில் ஓட்டை விழுந்தால் எல்லா அறையும் நனையும்.

2022 மார்ச்சில் வெளியே தெரிந்த டர்ட்டி பைப் என்ற ஓட்டை அப்படிப்பட்டது. ப்ராசஸ்கள் தரவைக் கடத்திக்கொள்ளும் பைப் வசதியில் இருந்த பிழையால், படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு கோப்பின் மெமரி நகலில் ஒரு சாதாரணப் பயனர் எழுதிவிட முடிந்தது. மேலே சொன்னேனே, கோப்புகளின் நகலைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் என்று, அதே நகல்தான். ஒரே மூலக் கோப்பை இரண்டு கன்டெய்னர்கள் பகிர்ந்துகொண்டால் நகலும் ஒன்றாகவே இருக்கலாம். நேம்ஸ்பேஸ் எத்தனை போட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. நேம்ஸ்பேஸைக் காவல் காக்கும் கெர்னலே அல்லவா ஏமாந்தது. போதாததற்கு, டாக்கரைச் சாதாரணமாக நிறுவினால் பயனர் நேம்ஸ்பேஸை அது பயன்படுத்துவதில்லை. கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடும் ப்ராசஸ் வெளியேயும் பயனர் எண் 0, அதாவது ரூட்டேதான். பல அதிகாரங்களைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓட்டுகிறது என்றாலும், எப்படியோ தப்பி வெளியே வந்தால் அது யாராக வருகிறது என்பது முக்கியம். பயனர் நேம்ஸ்பேஸைப் போட்டால் உள்ளே 0 என்றிருப்பவர் வெளியே 100000 போன்ற எந்த உரிமையும் இல்லாத எண்ணாகிவிடுவார். வசதி இருந்தும் பலர் போடுவதில்லை. போடுங்கள்.

யாரென்றே தெரியாத ஆயிரக்கணக்கானோரின் நிரல்களை ஓட்டும் அமேசானின் லாம்டா சேவை, ஆளுக்கு ஆள் பிரிக்கக் கன்டெய்னரை மட்டும் நம்புவதில்லை. 2018-ல் அந்நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற கருவி, தனிக் கெர்னலோடு கூடிய சின்ன மெய்நிகர் கணினிகளை உண்டாக்குகிறது. அந்த ஃபயர்கிராக்கர் ப்ராசஸையும் ஜெய்லர் என்ற துணை நிரல் ஒன்று நேம்ஸ்பேஸுக்குள்ளும் சிகுரூப்புக்குள்ளும் போட்டுப் பூட்டிய பிறகே ஓடவிடுகிறது.